அக்காவா, அம்மாவா?

பேருந்தில் ஜன்னலோரம் ஒரு பெண்மணி பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயது நாற்பதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். நீங்கள் கல்லூரி மாணவர். எப்படிக் கூப்பிடுவீர்கள்?

‘அம்மா’ என்றால் மரியாதைதான், ஆனால் வயதைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். ‘ஆன்ட்டி’ என்றால் பலருக்கு முகம் சுருங்கும். சந்தேகம் வந்தால் ஒரு படி இளமையாகவே கூப்பிடுவதுதான் நம் ஊர் வழக்கம். “அக்கா, பையைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?” என்றால் பை பெரும்பாலும் மடிக்குப் போய்விடும். காய்கறிக்காரர்களுக்கு இது கைவந்த கலை. தன்னைவிடச் சின்னப் பெண்ணையும் “வாங்கக்கா” என்றுதான் அழைப்பார்கள். அங்கே அக்கா என்பது வயதுக் கணக்கே இல்லை.

ஆண்களுக்குச் சென்னையில் அண்ணா, மதுரைப் பக்கம் அண்ணே. திருநெல்வேலி, தூத்துக்குடியில் மளிகைக் கடைக்காரர் அண்ணாச்சி.

சிக்கல் வருவது தம்பியில்தான். டீக்கடைப் பையனிடம் பாசமாக ஒலிக்கும் அதே சொல், வங்கியில் மேஜைக்கு அந்தப்பக்கம் இருக்கும் இளம் அதிகாரியிடம் அவரைச் சிறியவராக்கிவிடும். அறுபது வயதுக்காரரும் அங்கே “சார், இந்தப் பாஸ்புக்கைக் கொஞ்சம் பாருங்க” என்பதே நல்லது. அதிகாரி பெண்ணென்றால் மேடம்.

உறவும் பதவியும் பிடிபடவில்லையா? “ஏங்க” போதும், கோவைப் பக்கம் “ஏனுங்க”. பாதி மரியாதை அந்த ‘ங்க’விலேயே இருக்கிறது. “அண்ணா, தள்ளி உக்காரு” என்று சொல்லிப் பாருங்கள், அண்ணாவே முறைப்பார்.