அரை நிலாவிலிருந்து வரையத் தொடங்குங்கள்

வெள்ளைப் பலகையில் ஒரு கை படம் வரைந்துகொண்டே போக, பின்னணியில் ஒரு குரல் பாடம் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இவற்றின் ரகசியம் அழகான ஓவியத்தில் இல்லை. எந்தக் கோடு எந்தச் சொல்லோடு பலகையில் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. பள்ளி அறிவியலில் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்: நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது?

பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று நம்பும் மாணவர்கள் ஏராளம். (பெரியவர்களும்தான்.) பாடநூல் வரிசைப்படி அமாவாசையில் தொடங்கி எட்டு நிலாக்களையும் சுற்றி வரைந்து முடித்தாலும் அந்த நம்பிக்கை அசையாது. அதனால் நான் வளர்பிறை அஷ்டமியில் தொடங்கச் சொல்வேன்.

முதலில் பலகையின் வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக நாலைந்து அம்புகள். 'சூரிய ஒளி இந்தப் பக்கமிருந்து வருகிறது' என்று குரல் சொல்லும்போதே அவை விழவேண்டும். அடுத்து நடுவில் பூமி. அதன் உச்சியில் ஒரு குச்சி மனிதன். வடக்கிலிருந்து பார்க்கும் படம் என்பதால் அவனுக்கு அது சூரியன் மறையும் நேரம், வலப்பக்கம் மேற்கு. அவன் தலைக்கு நேர்மேலே நிலாவை வரைந்து, அதன் இடப்பாதியைக் கறுப்பாக்குங்கள். இப்போது பூமிக்கு இடப்புறம் அதன் நிழலை வரையுங்கள். 'பூமியின் நிழல் அங்கே கிடக்கிறது. நிலாவோ இங்கே இருக்கிறது. அப்படியிருந்தும் பாதிதான் தெரிகிறது.' நிழல்தான் காரணம் என்ற எண்ணம் இந்த இடத்திலேயே உடைந்துவிடும். பலகையின் மூலையில், அவன் கண்ணுக்குத் தெரியும் அரை நிலாவைத் தனியாக வரைந்துவிடலாம்.

பிறகு மற்ற ஏழு நிலாக்களையும் வெறும் வட்டங்களாகப் போட்டு, எல்லாவற்றிலும் அதே இடப்பாதியைக் கறுப்பாக்குங்கள். எப்போதும் நிலாவின் பாதிக்கு வெளிச்சம் உண்டு, அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறுகிறது என்பதை இந்த ஒரே மாதிரியான கறுப்பே சொல்லிவிடும்.

பௌர்ணமிக்கு வரும்போது ஒரு வம்பு காத்திருக்கிறது. படத்தில் அந்த நிலா பூமியின் நிழலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை உடனே கேட்கும். அதற்கு முன் குரலே கேட்டுவிட வேண்டும்: 'அப்படியானால் மாதா மாதம் சந்திர கிரகணம் வரவேண்டுமே?' கை இரண்டு விநாடி அசையாமல் நிற்கட்டும். பிறகு கீழே பக்கவாட்டுப் படம். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது.

நேரக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குரலை முதலில் பதிவு செய்துவிடுங்கள். 'நிலாவின் ஒரு பாதி இருட்டு' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். ஆனால் மார்க்கரால் அதைக் கறுப்பாக்க இருபது விநாடி ஆகலாம். அந்தத் துண்டை மட்டும் எடிட்டிங்கில் நான்கு மடங்கு வேகமாக்கினால் இரண்டும் ஒன்றாக முடியும். குரலைப் படத்துக்காக இழுக்கக் கூடாது, கேட்கவே அலுப்பாகிவிடும். படம் குரலை முந்துவது அதைவிட மோசம். நிழலைப் பற்றிப் பேச்சு வருமுன்பே பலகையில் நிழல் இருந்தால், பிள்ளைகள் அது என்னவென்று யோசிக்கப் போய்விடுவார்கள், நீங்கள் சொல்வது காதில் ஏறாது. சொல்கிற வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதவும் வேண்டாம். 'அமாவாசை', 'பௌர்ணமி' போன்ற பெயர்கள் போதும்.

வெளியிடுமுன் பாடம் அறியாத ஒரு பிள்ளையிடம் காட்டி, 'அரை நிலா அன்று பூமியின் நிழல் எங்கே விழுகிறது?' என்று மட்டும் கேளுங்கள். நிலாவின் மேல் என்று விரலை வைத்தால், நிழலை வரையும் பகுதி வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, அளவு விஷயம். பூமியை 4 செ.மீ. குறுக்களவில் வரைந்தால் நிலா சுமார் 1 செ.மீ. இருக்கும், இடைவெளியோ ஏறத்தாழ 1.2 மீட்டர். பலகைக்குள் அடக்க அதை 12 செ.மீ. ஆக்கினால், 5 டிகிரிச் சாய்வில் நிலா 1 செ.மீ. மட்டுமே மேலே போகும், நிழலை விட்டு வெளியே வராது. உண்மையில் அந்த விலகல் 34,000 கி.மீ. வரை போகிறது, நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் கருநிழலின் அகலமோ சுமார் 9,000 கி.மீ.தான். ஆகவே பக்கவாட்டுப் படத்தில் சாய்வைக் கூட்டித்தான் வரையவேண்டும். கூட்டியிருக்கிறோம் என்பதையும் தூரத்தைக் குறைத்திருக்கிறோம் என்பதையும் குரல் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.