குட்டிப் பெட்டிமேல் இரும்புக் குண்டு

மரக்கட்டை, கல், பலகை என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கோபுரம் சரியாமல் சில விநாடி நின்றால் ஜெயிப்பது ஒரு வகை மொபைல் விளையாட்டு. இதைச் செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சின்ன மரப்பெட்டியின் மேல் பெரிய இரும்புக் குண்டை வைத்தால், குண்டு பெட்டிக்குள் மெல்ல இறங்குகிறது. பெட்டி நடுங்கி, பக்கவாட்டில் பிதுங்கி ஓடுகிறது. குண்டைக் கீழே வைத்துப் பெட்டியை மேலே ஏற்றினால் ஒரு தொல்லையும் இல்லை.

பொருள்களை அசைக்கும் வேலையை இயற்பியல் எஞ்சின் என்ற நிரல் செய்கிறது. எரின் கேட்டோ எழுதிய பாக்ஸ்2டி அவற்றில் பெயர்பெற்றது. ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’ அதை வைத்துத்தான் ஓடியது. அது வழக்கமாக விநாடிக்கு 60 முறை கணக்குப் போடும். ஒவ்வொரு முறையும் புவியீர்ப்பு எல்லாப் பொருளுக்கும் விநாடிக்குச் சுமார் 16 செ.மீ. வேகத்தைக் கீழ்நோக்கிக் கூட்டுகிறது. அதன்பின் எஞ்சின் ஒவ்வொரு தொடுமிடமாகப் போய், அங்கே மோதும் இரண்டையும் விலக்கிவிடுகிறது. ஒரு நேரத்தில் இரண்டு பொருளைத்தான் அது பார்க்கும். ஓரிடத்தைச் சரிசெய்தால் பக்கத்து இடம் கெடும் என்பதால், அதே சுற்றைத் திரும்பத் திரும்ப வருகிறது. பாக்ஸ்2டியின் பழைய பதிப்புகளில் 8 சுற்று வழக்கம்.

இரண்டு பெட்டியும் தலா 1 கிலோ என்று வையுங்கள். தரை முதலில் கீழ்ப்பெட்டியை நிறுத்துகிறது. மேலே 16 செ.மீ. வேகத்தில் வரும் பெட்டி அதைத் தள்ள, வேகம் இரண்டுக்கும் எட்டு எட்டாகப் பங்காகிறது. அடுத்த சுற்றில் தரை மறுபடி கீழ்ப்பெட்டியை நிறுத்துகிறது; மேலே இருப்பதற்கு 4 மிச்சம். இப்படியே பாதி பாதியாகக் குறைந்து, எட்டாவது சுற்றில் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாது.

மேலே 100 கிலோ குண்டு என்றால்? ஒவ்வொரு சுற்றிலும் அதன் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குதான் குறையும். எட்டு சுற்று முடிந்தும் 92 சதவீத வேகம் அப்படியே இருக்கிறது. குண்டு இறங்காமல் என்ன செய்யும்! தலைகீழாக அடுக்கினால், மேலிருக்கும் குட்டிப் பெட்டியின் வேகம் முதல் சுற்றிலேயே 99 சதவீதம் போய்விடும்.

10 மடங்கு வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகம் மிஞ்சும். போன முறை கொடுத்த தள்ளலை நினைவில் வைத்து அங்கிருந்தே எஞ்சின் தொடங்குவதால், அடுத்தடுத்த முறைகளில் இது தேறிவிடும். அதற்குமேல் போனால் நம்ப முடியாது.

ஆகவே நிஜ எடையைக் கொடுப்பது வம்பு. இரும்பின் அடர்த்தி சாதாரண மரத்தைப்போல 10 மடங்குக்கும் மேல். குண்டின் அகலமும் உயரமும் இரு மடங்கானால், இருபரிமாண விளையாட்டில் எடை இன்னும் நான்கு மடங்காகும். மரத்துக்கு 1, கல்லுக்கு 1.5, இரும்புக்கு 2.5 என்று நான் வைப்பேன். விழும்போது ‘தொம்’ என்ற சத்தமும் கொஞ்சம் புழுதியும் சேர்த்தால், ஆடுபவருக்கு அது இரும்புதான். புதிருக்குப் பெரிய எடை தேவைப்பட்டால் ஏற்றப்பலகையின் ஒரு கையை நீட்டிக்கொள்ளலாம், 2.5 மடங்கு எடையை நாலு மடங்கு நீளக் கையில் வைத்தால் 10 மடங்கின் வேலை நடக்கும்.

ஜாயிண்ட்டிலும் இதே கதைதான். பத்து லேசான பலகைகளைக் கீல் போட்டுக் கோத்து, நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால், கீல்கள் ரப்பர்போல இழுபட்டு இடைவெளி விடும். சுற்றுகளைக் கூட்டலாம், ஆனால் பழைய போன்கள் திணறும். அதைவிட, மேல் ஆணியிலிருந்து நேராகப் பாரத்துக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத கயிற்று ஜாயிண்ட்டைப் போட்டு, ‘இந்த நீளத்துக்குமேல் விலகாதே’ என்று கட்டுவது நல்லது. பாரத்தின் இழுப்பு பத்துக் கீல்களைக் கடந்து போக வேண்டியதில்லை. அசையவே கூடாத இணைப்பு என்றால் ஜாயிண்ட்டே வேண்டாம். இரண்டு வடிவத்தையும் ஒரே பொருளாகச் செய்துவிடுங்கள், ஒட்டு ஜாயிண்ட்டும் பாரத்தில் வளையத்தான் செய்யும்.

சோதிக்கும்போது ஒரு கண்கட்டு இருக்கிறது. அரை விநாடி ஏறக்குறைய அசையாமல் இருக்கும் பொருளைக் கணக்கிலிருந்து விலக்கி, எஞ்சின் தூங்க வைத்துவிடும். மெல்ல வழுக்கும் கோபுரம்கூட அப்போது உறுதியாக நிற்பதுபோலத் தெரியும். மேலே ஒரு கட்டை பட்டதும் விழித்துச் சரியும். எனவே தூக்கத்தை அணைத்துவிட்டு, கட்டி முடித்த கோபுரத்தை ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பெட்டி முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே என்று எண்ணில் எடுத்துப் பாருங்கள். கீல்களில் இரு முனைக்கும் உள்ள இடைவெளியையும் அப்படியே அளக்க வேண்டும். தொடக்கத்தில் சற்றுக் கூடி நின்றுவிட்டால் சரி. விடாமல் கூடிக்கொண்டே போனால், அந்தக் கட்டத்தின் எடைகளைத் திரும்பவும் பார்க்க வேண்டியதுதான்.