மீட்டரில் சுவர், சதுர அடியில் பெயிண்ட்

வீட்டு வரைபடத்தில் சுவரின் நீளமும் உயரமும் மீட்டரில் இருக்கும். பெயிண்ட் கடையில் பேச்செல்லாம் சதுர அடியில்தான். “லிட்டருக்கு 130 சதுர அடி வரும், ரெண்டு கோட்டுக்கு” என்பார் கடைக்காரர். இரண்டையும் இணைத்து எத்தனை லிட்டர் வேண்டும் என்று பார்க்கும் இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது.

ஒரு மீட்டருக்கு 3.28 அடி. அதனால் 130-ஐ 3.28-ஆல் வகுத்து, லிட்டருக்கு 39.6 சதுர மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 3.28 என்பது நீளத்துக்கான எண். ஒரு சதுர மீட்டருக்கு நீளவாக்கில் 3.28 அடி, அகலவாக்கிலும் 3.28 அடி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 10.76 சதுர அடி. ஆகவே 130-ஐ 10.76-ஆல் வகுக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 12.1 சதுர மீட்டர் என்பதே சரியான விடை.

நான்கு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 15 மீட்டர். பரப்பு 45 சதுர மீட்டர். ஒரு கதவுக்கும் ஒரு ஜன்னலுக்கும் 3.7 சதுர மீட்டரைக் கழித்தால் மிச்சம் 41.3. அதை 12.1-ஆல் வகுத்தால் 3.4 லிட்டர் வருகிறது. தவறான 39.6-ஐ வைத்து வகுத்தவருக்கோ ஒரு லிட்டரே போதும் என்று தோன்றும்.

விடை சரிதானா என்று பார்க்க, சுவரைச் சதுர அடிக்கு மாற்றிப் பார்க்கலாம். 41.3-ஐ 10.76-ஆல் பெருக்கினால் 444 சதுர அடி. அதை 130-ஆல் வகுத்தாலும் அதே 3.4 லிட்டர்தான்.

மீட்டர் கணக்கில் இன்னொரு வசதியும் உண்டு. ஆயிரத்தை, லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற எண்ணால் வகுத்தால், சுவரில் படியும் ஈரப் பெயிண்டின் தடிமன் மைக்ரானில் கிடைத்துவிடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12.1-ஆல் வகுத்தால் இரண்டு கோட்டும் சேர்ந்து 83 மைக்ரான். ஒரு கோட்டுக்கு 41. தவறான 39.6-ஆல் வகுத்தால் ஒரு கோட்டுக்கு 13 மைக்ரான்கூட இல்லை. பிரஷ்ஷோ ரோலரோ வைத்து அவ்வளவு மெல்லியதாகப் பூசினால் அடியில் இருக்கும் நிறம் மறையாது.

கடையில் சொல்லும் அளவு ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 130 என்பது ஒரு கோட்டுக்கான அளவாக இருந்தால், இதே அறைக்கு இரண்டு கோட் அடிக்க 6.8 லிட்டர் தேவைப்படும். மேலும், அந்த அளவு பட்டி பார்த்து, பிரைமர் அடித்த வழவழப்பான சுவருக்குப் பொருந்துவது. சொரசொரப்பான வெளிச்சுவரில் மேடுபள்ளங்களால் பூச வேண்டிய பரப்பு கூடுகிறது, பெயிண்டும் அதிகம் செலவாகிறது. பட்டி பார்த்த இந்த அறைக்கு 3.4 லிட்டர் என்பதால் நான்கு லிட்டர் டப்பா போதும். மிஞ்சுவதை மூடி வைத்தால், பின்னால் கறை படும் இடங்களில் அதே நிறத்தைத் தொட்டு அடிக்கலாம்.