ஒரே அனுபவம், இரண்டு நேர்காணல்

அமேசான் நேர்காணலில் 'பார் ரெய்சர்' என்றொருவர் இருப்பார். ஆள் தேடும் குழுவைச் சேராதவர். அவர் மறுத்தால் வேலை கிடைக்காது. நிறுவனத்தின் 16 தலைமைக் கொள்கைகளைப் பங்கிட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் கேள்வி கேட்பார்கள். "நாங்கள் செய்தோம்" என்றால், "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று துருவுவார்கள்.

பத்துப் பேர் கொண்ட ஸ்டார்ட்அப்பில் பெரும்பாலும் நிறுவனரே எதிரில் உட்கார்ந்திருப்பார். "செயலியில் சேர்பவர்கள் பணம் கட்டாமல் போகிறார்கள். என்ன செய்வீர்கள்?" என்பார். முழு விவரம் கையில் இருக்காது. இன்றே சில வாடிக்கையாளர்களிடம் பேசி, நாளையே ஒரு சிறு மாற்றத்தைச் சோதிப்பதாகச் சொல்பவர் அவரைக் கவர்வார். தேவைகளை எழுதிக் கேட்பவர் பின்தங்குவார்.

பெரிய நிறுவனத்தில் அதே வேலைக்குப் பிற குழுக்களின் ஒப்புதலை எப்படிப் பெற்றீர்கள் என்பதும் முக்கியம். ஒரே அனுபவத்தை இரு விதமாகச் சொல்லப் பழகிக்கொண்டு செல்லுங்கள்.