இறந்தவருக்கு மறு அறுவை இல்லை

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 100 முதியவர்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் 10 பேருக்கு மறு அறுவை நடக்கிறது. ஆண்டு முடிவதற்குள் மேலும் 40 பேர் வேறு காரணங்களால் இறந்துவிடுகிறார்கள். மீதி 50 பேரில், இரண்டாம் ஆண்டில் 10 பேருக்கு மறு அறுவை. ஆக, நூறு பேரில் இருபது பேர்: 20%.

ஆனால் வழக்கமான கப்லான்-மேயர் முறையில், இறந்தவர்களைத் 'தொடர்பில் இல்லாதவர்கள்' என ஒதுக்கினால், 0.9 × 0.8 = 0.72 பங்கினர் தப்பினார்கள் என்றாகி, ஆபத்து 28% எனக் காட்டும். இறந்தவர்களுக்கும் பின்னாளில் மறு அறுவை நேரலாம் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதே காரணம். இங்கே மரணம் ஒரு 'போட்டி நிகழ்வு'. அதைச் சேர்த்தே கணக்கிடும் ஆலன்-ஜொஹான்சன் முறை சரியான 20%-ஐத் தருகிறது.

ஆய்வுக் கட்டுரையில் மறு அறுவைக்கும் மரணத்துக்கும் தனித்தனிக் குவிவு நிகழ்வு வளைகோடுகளை ஒரே படத்தில் வரைவது நல்லது. இங்கே இரண்டாம் ஆண்டு முடிவில் 20%, 40%. எதுவும் நேராதவர்கள் 40%. மூன்றும் கூடி 100 ஆக வேண்டும். ஆகாவிட்டால் கணக்கில் பிழை. படத்தின் கீழே, ஒவ்வொரு ஆண்டிலும் கண்காணிப்பில் மிஞ்சியவர்களின் எண்ணிக்கையும், உரையில் 95% நம்பக இடைவெளியும் வேண்டும்.

இரு சிகிச்சைகளை ஒப்பிடும்போது மரண வளைகோட்டையும் பாருங்கள். ஒரு குழுவில் மறு அறுவை குறைந்தது மூட்டு உறுதியாக இருந்ததாலா, பலர் முன்பே இறந்ததாலா என்பதை அதுதான் சொல்லும்.