சிக்னல் போன நேரத்தை எழுதி வையுங்கள்

நம் எண்ணுக்கு நம் அனுமதியின்றி வேறொருவர் புதிய சிம் வாங்கிவிட்டால், நம் சிம் செத்துவிடும். வங்கியின் ஓடிபி அவருக்குப் போகும். வீட்டில் அதே நிறுவனத்தின் மற்ற சிம் வேலை செய்ய, நம்முடையது மட்டும் முடங்கினால் சந்தேகிக்க வேண்டும். உடனே வேறு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தொலைபேசி நிறுவனத்திடம் புகார். "பணம் போய்விட்டது" என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் விஷயம் என்று கைகழுவி விடுவார்கள். நேர வரிசையில் எழுத வேண்டும். உதாரணமாக:

வெள்ளி மாலை 4.10: சிக்னல் போனது.
5.40: கணக்கிலிருந்து ரூ.40,000 போனது.
6.15: வங்கியிடம் புகார்.
6.40: நிறுவனத்திடம் புகார், புகார் எண் பெறப்பட்டது.

இதில் 4.10க்கும் 5.40க்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். சிம் மாற்றினால் 24 மணி நேரம் குறுஞ்செய்தியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. ஒன்றரை மணி நேரத்தில் ஓடிபி குறுஞ்செய்தி எப்படிப் போனது என்று கேளுங்கள். புதிய சிம் எந்தக் கடையில், எந்த நேரத்தில், எந்த அடையாள அட்டைக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பதில் சரியில்லை என்றால், அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். வங்கிக்கும், காவல்துறைக்கும் இதே நேர வரிசையையே கொடுங்கள். மூன்றிலும் நேரம் மாறக் கூடாது.