மூடிய நாளில் இருப்பு எவ்வளவு

ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1852இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரில் குதிரை வண்டி செய்யத் தொடங்கியது. பிறகு கார் தயாரிப்புக்கு மாறியது. 1963 டிசம்பர் 9 அன்று, சவுத் பெண்ட் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் கடைசிக் கார் ஆலையை விட்டு வெளியேறியது.

ஆலைத் தொழிலாளர்களுக்கு 1950 முதல் ஓய்வூதியத் திட்டம் இருந்தது. வாகனத் தொழிலாளர் சங்கம் பேசிப் பெற்ற திட்டம் அது. ஒப்பந்தப்படி நிறுவனம் செலுத்த வேண்டிய தவணைகளைச் செலுத்தி வந்தது. பணம் தனி நிதியாக இருந்தது. அதை யாரும் கையாடவில்லை. திட்டம் கலைக்கப்பட்டபோது அதில் சுமார் 10,500 பேர் இருந்தார்கள். நிதியில் இருந்த இருப்பு ஏறக்குறைய 2.4 கோடி டாலர்.

அந்த இருப்பைப் பங்கிடும் வரிசையும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும், 60 வயதைத் தொட்டு 10 ஆண்டு பணி முடித்தவர்களும் முதலில். இவர்கள் சுமார் 3,600 பேர். இவர்களுக்கு ஆயுள் முழுவதும் முழு ஓய்வூதியம் கிடைக்க ஏற்பாடு செய்ததில் 2.15 கோடி டாலர் செலவானது. மீதி 25 லட்சம்.

அடுத்த வரிசையில் 40 முதல் 59 வயது வரை உள்ளவர்கள், 10 ஆண்டாவது பணி செய்தவர்கள். சுமார் 4,000 பேர். இவர்களின் சராசரி வயது 52. சராசரிப் பணிக்காலம் 23 ஆண்டு. ஒப்பந்தப்படி இவர்களுடைய ஓய்வூதிய உரிமை உறுதியாகிவிட்டிருந்தது. வேலையை விட்டுப் போனாலும் பறிபோகாத உரிமை. அந்த உரிமையின் மதிப்பில் சுமார் 15 சதவீதம் ஒரே தடவையாகக் கையில் தரப்பட்டது. தலைக்கு ஏறத்தாழ 600 டாலர். 59 வயதில் 40 ஆண்டு பணி முடித்தவரும் இந்த வரிசையில்தான் நின்றார். 60 வயதில் 10 ஆண்டு மட்டும் பணி செய்தவர் முன்வரிசையில் நின்றார்.

மிஞ்சிய சுமார் 2,900 பேருக்கு ஒன்றும் இல்லை.

தவணை தவறாமல் செலுத்திய ஒரு திட்டத்தில் பணம் எப்படிப் போதாமல் போனது? திட்டம் பிறந்த விதத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. 1950இல் ஆலையில் 20, 25 ஆண்டு ஏற்கெனவே உழைத்தவர்கள் இருந்தார்கள். திட்டம் அவர்களுடைய பழைய ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. எடுக்காவிட்டால் அவர்களுக்கு ஓய்வூதியம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தேறாது. ஆனால் அந்தப் பழைய ஆண்டுகளுக்காக அதுவரை யாரும் ஒரு காசும் ஒதுக்கியிருக்கவில்லை. ஆகவே கையெழுத்தான அன்றே முழுக் கடனும் பிறந்துவிட்டது. அதை அடைக்கும் பணமோ 30 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தோடு நின்றிருந்தால் 13 ஆண்டில் கணிசமான பகுதி நிரம்பியிருக்கும். ஆனால் இடையில் ஓய்வூதிய விகிதம் பலமுறை உயர்த்தப்பட்டது. ஒவ்வோர் உயர்வும் கடந்துபோன எல்லாப் பணி ஆண்டுகளுக்கும் பொருந்தும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கடன் பிறந்தது. அதற்கு ஒரு புது 30 ஆண்டுத் தவணை தொடங்கியது. நலிந்த நிறுவனத்துக்கு இது வசதியான வழி. கூலியை உயர்த்தினால் அடுத்த வாரமே பணம் வேண்டும். ஓய்வூதியத்தை உயர்த்தினால் இன்றைக்கு வேண்டியது அதில் சிறு பகுதிதான். நிறுவனத்தின் நிலை எவ்வளவு மோசமோ, அவ்வளவுக்கு இந்த வழி கவர்ச்சியாக இருக்கும். தொழிலாளி கண்ணுக்குத் தெரிந்தது வாக்குறுதித் தொகை மட்டும். அது ஏறிக்கொண்டே போனது.

இன்னொரு விஷயமும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஓய்வூதியம் நிதியில் உள்ள பணத்திலிருந்து மட்டுமே தரப்படும். பற்றாக்குறைக்கு நிறுவனம் பொறுப்பல்ல. ஸ்டூடிபேக்கர் திவாலாகவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சவுத் பெண்டை மூடிய பிறகும் கனடாவில் 1966 வரை கார் செய்தது. வேறு தொழில்களில் நீடித்து, 1967இல் வொர்த்திங்டன் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. 4,000 பேர் 15 சதவீதத்தோடு வீடு திரும்பியதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

ஆலை மூடிச் சுமார் 11 ஆண்டுக்குப் பிறகு, 1974 செப்டம்பர் 2 அன்று, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிதியில் குறைந்தபட்சம் எவ்வளவு போட வேண்டும் என்று சட்டம் விதித்தது. நிறுவனங்களிடம் பிரீமியம் வசூலித்து, கலைந்துபோன திட்டங்களை ஏற்றுக்கொள்ள ஓய்வூதியப் பயன் உத்தரவாதக் கழகத்தை உருவாக்கியது. உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு உண்டு. திட்டம் கலையும் முன் கடைசி ஐந்தாண்டில் தரப்பட்ட உயர்வுகளுக்கு முழு உத்தரவாதம் இல்லை. ஸ்டூடிபேக்கரில் நடந்தது அந்த விதிக்குப் பின்னால் தெரிகிறது. 2005இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் நடவடிக்கையில் தன் ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டபோது பற்றாக்குறை 980 கோடி டாலர். கழகம் ஏற்றது 660 கோடி. மிச்சம் 320 கோடி டாலர் ஊழியர் தலையில் விழுந்தது.

இந்தியாவில் தனியார் ஊழியரின் மாத ஓய்வூதியம் வேறு விதமாகக் கட்டப்பட்டது. வருங்கால வைப்பு நிதியும் அதோடு சேர்ந்த ஓய்வூதியமும், பெரும்பாலான நிறுவனங்களில், மாதா மாதம் நிறுவனத்தை விட்டு வெளியேறி மத்திய அரசின் அமைப்பிடம் போய்விடுகின்றன. நிறுவனம் மூடினாலும் அங்கே போய்ச் சேர்ந்த பணம் அங்கேயே இருக்கும். சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் விட்ட மாதங்கள்தான் ஆபத்து. அதைப் பாஸ்புக்கில் பார்த்துவிடலாம்.

பணிக்கொடையின் கதை வேறு. கிராஜுவிட்டி என்று எல்லோரும் சொல்லும் தொகை இது. 1972 சட்டப்படி 10 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குப் பொருந்தும். 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் தொடர்கிறது. கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 1972 சட்டத்தில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்.

26,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 20 ஆண்டு முடித்திருந்தால் 3,00,000 ரூபாய். அவருக்குப் பதவி உயர்வு வந்து சம்பளம் 39,000 ஆகிறது. மறுநாள் அதே 20 ஆண்டுக்கு 4,50,000. ஒரே நாளில் ஒன்றரை லட்சம் ரூபாய்க் கடன் புதிதாகப் பிறந்துவிட்டது, அதுவும் கடந்துபோன ஆண்டுகளுக்கு. சவுத் பெண்டில் ஓய்வூதிய உயர்வு செய்ததை இங்கே சம்பள உயர்வு செய்கிறது.

அந்தக் கடனுக்கு எதிராகப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. சிலர் அறக்கட்டளை அமைத்து, ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் குழுத் திட்டத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார்கள். பலர் கணக்கேட்டில் ஒரு தொகையைப் பொறுப்பாக எழுதுவதோடு சரி. பணம் தொழிலிலேயே சுழல்கிறது. கட்டாயக் காப்பீட்டுக்கான பிரிவு 1987இலேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அது உயிர் பெறும். கர்நாடகம் அந்த அறிவிக்கையை வெளியிட்டது 2024இல்.

திவால் சட்டம் 2016இல் வந்தது. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்கு வர வேண்டியதைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது அதன் 36ஆவது பிரிவு. அதாவது வங்கிகள் அதில் கைவைக்க முடியாது. படித்தால் நிம்மதியாக இருக்கும். நிதியே இல்லாவிட்டால்? லான்கோ இன்ஃப்ராடெக் கலைப்பில் இந்தக் கேள்வி எழுந்தது. பணிக்கொடைக்குத் தனி நிதி இல்லாதபோது, கலைப்புச் சொத்திலிருந்து அதைத் தரும்படி கலைப்பாளருக்கு உத்தரவிட முடியாது என்று தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2020இல் கூறியது.

அதே தீர்ப்பாயம் ஜெட் ஏர்வேஸ் வழக்கில் ஊழியர் பக்கம் நின்றது. அந்த விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது 2019 ஏப்ரல் 17 அன்று. ஜூன் 20இல் திவால் நடவடிக்கை தொடங்கியது. அதை வாங்க முன்வந்த ஜலான்-கல்ராக் கூட்டணியின் திட்டம் 2021 ஜூனில் ஏற்கப்பட்டது. வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகத் தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதை எதிர்த்த கூட்டணியின் மனுவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஊழியர்கள் கடைசிப் படி வரை வென்றார்கள். ஆனால் நிறுவனத்தை எடுத்து நடத்துவதாகச் சொன்னவர்கள் அதை நிறைவேற்றவில்லை. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜெட் ஏர்வேஸைக் கலைக்கும்படி உத்தரவிட்டது. வென்ற உத்தரவு ஒரு மீட்புத் திட்டத்தின் மீது நின்றது. அந்தத் திட்டம் போய்விட்டது. பறப்பது நின்று அப்போது ஐந்தரை ஆண்டு ஆகியிருந்தது.

தன் நிறுவனத்தில் நிதி இருக்கிறதா என்பதை ஊழியர் முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. பெரிய கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கோடு வரும் குறிப்புகளில், ஊழியர் பயன்கள் என்ற தலைப்பின்கீழ், பணிக்கொடைக்கான அட்டவணை இருக்கும். ஒரு வரியில் இன்றைய தேதியில் உள்ள மொத்தக் கடன். இன்னொரு வரியில் திட்டச் சொத்து, அதாவது அதற்கென வெளியே ஒதுக்கப்பட்ட பணம். இரண்டாவது வரி முதல் வரிக்கு அருகில் இருந்தால் நிதி இருக்கிறது. இரண்டாவது வரியே இல்லாவிட்டால், அல்லது திட்டம் 'அன்ஃபண்டட்' என்று எழுதியிருந்தால், நிறுவனத்தின் கையிருப்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் அறிக்கை அதன் இணையதளத்தில் கிடைக்கும். தனியார் கம்பெனியின் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

கூட்டாளி நிறுவனங்களிலும் தனிநபர் உரிமை நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இந்த வழியும் இல்லை. 10 பேர் இருந்தால் பணிக்கொடை தரும் கடமை அவற்றுக்கும் உண்டு. கணக்கை வெளியிடும் கடமை இல்லை.